காயம் என்று நம்பி வந்தவர்கள்

கணையப் புற்றுநோயின் ஸ்லைடை முதன்முதலாக நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அன்று எனக்குப் புற்றுநோயே தென்படவில்லை. பார்த்த இடமெல்லாம் இளஞ்சிவப்பு. வெள்ளம் வடிந்த மணலில் படியும் வரிகளைப் போல அலையலையாக நார்கள். அவற்றுக்கிடையே ஊதா நிறத்தில், மெலிந்து நீண்ட உட்கருக்கள் ஒரே திசையில் படுத்திருந்தன. பக்கத்தில் அமர்ந்திருந்த மூத்த நோய்க்குறியியல் மருத்துவர், "எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்றார். நார்கள் மிக நெருக்கமாக இருந்த ஓரிடத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். ஓரத்தில், கோணல்மாணலாக ஒரு சிறு வளையம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு செல்கள், ஒவ்வொன்றின் உட்கருவும் ஒவ்வோர் அளவில்.

"இதுதான் புற்று. மற்றவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தவர்கள்."

இத்தனை ஆண்டுகளில் அந்த வாக்கியத்தைவிடச் சரியான விளக்கத்தை நான் கேட்டதில்லை. கணையத்தில் வரும் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மையானது நாளப் புற்று. அதன் கட்டியை எடுத்து எடை போட்டால், அதில் புற்றுச் செல்கள் பெரும்பாலும் சிறுபான்மைதான். சில கட்டிகளில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நார்ச்செல்கள், அவை நெய்த கொலாஜன், நோய் எதிர்ப்புச் செல்கள், நசுங்கிய இரத்தக் குழாய்கள். இவை எதிலும் புற்றுநோய்க்குரிய மரபணுப் பிழை கிடையாது. நோயாளியின் சொந்த, இயல்பான செல்கள். இந்தக் கூட்டத்துக்கும் அது வாழும் இடத்துக்கும் சேர்த்துத்தான் கட்டியின் நுண்சூழல் என்று பெயர்.

இந்தச் சிறுபான்மைக் கணக்கு ஆய்வறிக்கைகளிலேயே தெரியும். கணையப் புற்றுநோயாளிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேராஸ் என்ற மரபணுவில் பிழை இருக்கும். ஊசி வழியே எடுத்த சதைத் துணுக்கில் மரபணுச் சோதனை செய்தால், 'கேராஸ் பிழை 8 விழுக்காடு' என்பது போல ஒரு வரி வரும். நூற்றுக்கு எட்டுத்தானே, நோய் குறைவாகத்தான் இருக்கிறது என்று குடும்பத்தினர் ஆறுதல் அடைவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணுக்குப் பொருள் அதுவல்ல. துணுக்கில் நூறு செல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செல்லிலும் அந்த மரபணுவுக்கு இரண்டு பிரதிகள், ஆக 200. புற்றுச் செல்லில் வழக்கமாக இரண்டில் ஒரு பிரதிதான் பழுதாகியிருக்கும். 200-ல் எட்டு விழுக்காடு என்றால் 16 பழுதான பிரதிகள், அதாவது 16 புற்றுச் செல்கள். மீதி 84 செல்கள் அழைத்து வரப்பட்டவை. எண் சொல்வது நோயின் கடுமையை அல்ல, ஊசி போய் நின்ற இடத்தின் மக்கள்தொகையை. எண் மிகவும் சரிந்துவிட்டால் சோதனையே பிழையைத் தவறவிட்டுவிடும். அப்படி 'பிழை இல்லை' என்று வந்த ஓர் அறிக்கையை ஸ்லைடோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, துணுக்கு முழுவதும் நாராகவே இருந்தது.

யார் இந்த 84 பேர்?

அவர்களில் ஒரு பகுதியினரின் பழைய வாழ்க்கை எனக்குக் கொஞ்சம் தெரியும். நலமான கணையத்தில், செரிமான நீரைச் சுரக்கும் செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கும். அந்தக் கொத்துகளைச் சுற்றி நீண்ட கைகளை விரித்துக்கொண்டு சில செல்கள் அமைதியாக இருக்கும். கைகள் விரிந்திருக்கும் தோற்றத்தால் அவற்றுக்கு விண்மீன் செல்கள் என்று பெயர் வந்தது. கணையத்திலிருந்து அவற்றைத் தனியே பிரித்தெடுத்து வளர்க்கும் முறையை 1998-ல் ஆஸ்திரேலியாவிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் வெளியிட்டன. அமைதியாக இருக்கும்போது அவை வைட்டமின் ஏ-வைச் சிறு கொழுப்புத் துளிகளாக வயிற்றில் அடக்கி வைத்திருக்கும். புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் துளிகள் நீலப்பச்சையாக மின்னி, சில நொடிகளில் மங்கிவிடும். புகைப்படக் கருவியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் விளக்கைப் போட வேண்டும்.

ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த காலத்தில் அந்தச் செல்களை எலியின் கணையத்திலிருந்து பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் தட்டில் வளர்க்கும் வேலை எனக்கு வாய்த்தது. முதல் நாள் மின்னின. இரண்டாம் நாளும் மின்னின. வார இறுதிக்குப் பிறகு வந்து பார்த்தால் ஒன்றில்கூடத் துளி இல்லை. செல்கள் தட்டையாக, அகலமாக விரிந்து, உள்ளே இழைகள் விறைத்து நின்றன. மருந்து எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. எங்கோ அசுத்தம் சேர்ந்துவிட்டது என்று எண்ணி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறைதான், ஆய்வுக்கூடத்தில் மூத்தவர் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: தவறு உன் கையில் இல்லை, தட்டில் இருக்கிறது. கணையம் மெத்தென்று இருக்கும் உறுப்பு. பிளாஸ்டிக் அதைவிடப் பல லட்சம் மடங்கு விறைப்பானது. இந்தச் செல்லுக்கு விறைப்பு என்றால் ஒரே பொருள்தான்: இங்கே காயம் பட்டிருக்கிறது, வேலையைத் தொடங்கு.

இதுதான் நுண்சூழலைப் புரிந்துகொள்வதற்கான முதல் படி என்று நினைக்கிறேன். அந்தச் செல்லுக்கு எந்தத் தீய நோக்கமும் இல்லை. அது காயத்தை ஆற்றும் செல். விழித்தெழுந்ததும் வைட்டமின் துளிகளைத் துறந்துவிடுகிறது. தசைச் செல்லைப் போலச் சுருங்கும் ஆற்றலைப் பெறுகிறது. நார்ச்செல்லாகி, கொலாஜனை நெய்து பிளவை இழுத்து மூடுகிறது. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை மடிந்துவிடும், அல்லது பழையபடி அடங்கிவிடும். தோலில் கீறல் பட்டால் தழும்பு உருவாவதும் இதே முறையில்தான். 1986-ல் ஹெரால்ட் ட்வோராக் புற்றுக்கட்டிகளை 'ஆறாத காயங்கள்' என்று அழைத்தார். கட்டி காயத்தைப் போல இருக்கிறது என்ற உவமையாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. புற்றுச் செல், காயம் பட்ட திசு எழுப்பும் அதே வேதிக் குரலை எழுப்புகிறது. ஆனால் 'ஆறிவிட்டது, போகலாம்' என்ற குரலை மட்டும் ஒருபோதும் எழுப்புவதில்லை.

குரல்கள் பல. அவற்றில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் மருந்தின் கதை அதைச் சுற்றித்தான். அதன் பெயர் சோனிக் ஹெட்ஜ்ஹாக். ஆம், வீடியோ விளையாட்டில் ஓடும் அந்த நீல முள்ளெலியின் பெயர்தான். ஈக்களில் இதற்கு இணையான மரபணு பழுதானால் புழுவின் உடலெங்கும் முள் முளைத்தது, அதனால் அந்தக் குடும்பத்துக்கே முள்ளெலிப் பெயர். கரு வளரும்போது கைவிரல்கள் எந்த வரிசையில் அமைய வேண்டும் என்று சொல்லும் புரதம் இது. வளர்ந்த கணையத்தில் இதற்கு வேலை ஏதும் இல்லை. புற்றுச் செல்லோ இதைத் தூசு தட்டி எடுத்து வெளியே சுரக்கிறது. வேடிக்கை என்னவென்றால், சுரக்கும் புற்றுச் செல் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பக்கத்திலிருக்கும் நார்ச்செல்தான் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பியால் அதைப் பிடித்து, உள்ளே ஸ்மூத்தண்ட் என்ற புரதத்தை இயங்கவிட்டு, பெருகவும் நார் நெய்யவும் தொடங்குகிறது. தனக்காகப் பேசாமல் அக்கம்பக்கத்தாருக்காக மட்டுமே பேசும் ஒரு சொல். ஆள்சேர்ப்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வந்தவர்கள் புற்றுக்கு என்ன கொடுக்கிறார்கள்? நார்ச்சுவர் கண்ணுக்குத் தெரிவது. அதைவிட என்னை வியக்க வைத்தது உணவு. கணையக் கட்டிக்குள் இரத்தம் சரியாகப் போவதில்லை. சர்க்கரையும் ஆக்சிஜனும் பற்றாக்குறை. அப்படியிருந்தும் புற்று வளர்கிறது. 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, விண்மீன் செல்கள் அலனைன் என்ற அமினோ அமிலத்தை வெளியே விடுவதையும் புற்றுச் செல்கள் அதை உள்ளே இழுத்து எரிபொருளாக்குவதையும் காட்டியது. அந்த அலனைன் வரும் வழிதான் மனதை என்னவோ செய்கிறது. புற்றுச் செல்லின் தூண்டுதலால் விண்மீன் செல் தன் உள்ளுறுப்புகளைத் தானே செரித்து அதை உண்டாக்குகிறது. விருந்தாளிக்கு வீட்டு உத்தரத்தைப் பிரித்து அடுப்பெரித்த கதைதான். அலனைன் கிடைத்ததும் புற்று தனக்குக் கிடைக்கும் கொஞ்சநஞ்ச சர்க்கரையை வேறு கட்டுமான வேலைகளுக்கு ஒதுக்கிக்கொள்கிறது.

இன்னொரு சேவை, காவல். நார்ச்செல்களில் சில சுரக்கும் பொருள்கள், புற்றைக் கொல்லக்கூடிய நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்களைக் கட்டியின் ஓரத்திலேயே நிறுத்திவிடுகின்றன. ஸ்லைடில் பார்த்தால் சிறு கரும்புள்ளிகளாக டி செல்கள் நாருக்குள் தேங்கி நிற்கும், வளையத்தை நெருங்குவதில்லை. மற்ற சில புற்றுநோய்களில் பெரும் மாற்றத்தைக் கொண்டுவந்த, நோய் எதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் கணையத்தில் மிகச் சிறுபான்மையினருக்கு மட்டுமே பலனளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மருந்துகள் டி செல்லின் கட்டை அவிழ்ப்பவை. உள்ளே போக முடியாத செல்லுக்குக் கட்டு அவிழ்ந்தும் பயனில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு மருந்துக்கான யோசனை தானாக எழும். அழைத்து வரப்பட்டவர்களைத் துரத்திவிட்டால் புற்று தனியாக நிற்குமே? இந்த யோசனைக்கு இன்னொரு கவர்ச்சியும் இருந்தது. புற்றுச் செல்லின் மரபணு நிலையற்றது. எந்த மருந்தைக் கொடுத்தாலும் அதற்குத் தப்பும் ஒரு வாரிசு எப்படியோ பிறந்துவிடும். நார்ச்செல்லோ இயல்பானது, மரபணு மாறாதது. அதைத் தாக்கும் மருந்துக்கு எதிர்ப்பு உருவாகாது என்று பலரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

2009-ல் அந்த நம்பிக்கைக்கு உரமிட்ட ஆய்வு வந்தது. அதில் இரண்டு வகை எலிகள். ஒன்று, தட்டில் வளர்த்த புற்றுச் செல்லைத் தோலுக்கடியில் ஊசியால் ஏற்றிய எலி. அதில் கட்டி வேகமாக வளரும், நார் குறைவாக இருக்கும், இரத்தக் குழாய்கள் ஏராளம். கணையப் புற்றுக்கு அப்போது வழக்கத்தில் இருந்த ஜெம்சிட்டபைன் மருந்தைக் கொடுத்தால் கட்டி அடங்கும். இன்னொன்று, பிறப்பிலேயே கணையத்தில் கேராஸ், பி53 ஆகிய இரு மரபணுக்களிலும் பிழை பொருத்தப்பட்ட எலி. அதில் கட்டி கணையத்திலேயே, தானாக, மனிதரில் வருவது போலவே நாரும் தழும்புமாக வளரும். இந்த எலிக்கு அதே மருந்தைக் கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, மனிதர்களில் நடக்காதது போலவே. மருந்தை அளந்து பார்த்தபோது இரண்டாம் வகைக் கட்டிக்குள் அது மிகக் குறைவாகவே போய்ச் சேர்ந்திருந்தது. இரத்தக் குழாய்கள் அரிதாக இருந்தன, இருந்தவையும் நாருக்குள் புதைந்து கிடந்தன.

ஆய்வாளர்கள் ஸ்மூத்தண்ட் புரதத்தை அடைக்கும் ஒரு மருந்தை, பின்னாளில் சாரிடெகிப் என்று பெயர் பெற்றதை, ஜெம்சிட்டபைனோடு சேர்த்துக் கொடுத்தார்கள். முள்ளெலிக் குரல் நார்ச்செல்லின் காதில் விழவில்லை. நார் இளகியது, குழாய்கள் பெருகின, மருந்து உள்ளே போனது. ஜெம்சிட்டபைன் மட்டும் பெற்ற எலிகள் உட்பட ஒப்பீட்டு எலிகள் சராசரியாகச் சுமார் 11 நாள்கள் உயிர் வாழ்ந்த இடத்தில், கூட்டு மருந்து பெற்றவை 25 நாள்கள் வாழ்ந்தன. ஒரு சிறு குறிப்பும் அந்தக் கட்டுரையிலேயே இருந்தது: இந்த விளைவு நிலைக்கவில்லை, சில வாரங்களில் கட்டி பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கியது. இரட்டிப்பான எண்ணைப் பார்த்த கண்கள் அந்தக் குறிப்பில் நிற்கவில்லை. என் கண்களும்தான்.

மருந்து நோயாளிகளிடம் போனது. உடலின் பிற இடங்களுக்கும் புற்று பரவிவிட்ட 122 பேர். ஒரு சாராருக்கு ஜெம்சிட்டபைனும் சாரிடெகிபும், மறு சாராருக்கு ஜெம்சிட்டபைனும் வெற்று மாத்திரையும். 2012 ஜனவரியில் சோதனை நிறுத்தப்பட்டது. புதிய மருந்து பெற்றவர்கள் வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட முன்னதாக இறந்துகொண்டிருந்தார்கள். பலனளிக்காமல் போவது மருந்துலகில் அன்றாடம் நடப்பது. இங்கே நடந்தது அதுவல்ல. மருந்து நோய்க்கு உதவியிருந்தது.

என்ன நடந்தது என்பதற்கான விடை 2014-ல் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்த இரண்டு ஆய்வுகளில் கிடைத்தது. ஒரு குழு, எலியின் கணையத்தில் சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவையே நீக்கியது. அதாவது புற்று முதல் நாளிலிருந்தே அந்தக் குரலை எழுப்ப முடியாது. எதிர்பார்த்தது போல நார் குறைந்தது. ஆனால் கட்டிகள் வளைய அமைப்பையும் இழந்து, உருவமற்ற, மூர்க்கமான செல்களாக மாறின. இரத்தக் குழாய் பெருகியது, பரவல் கூடியது, எலிகள் சீக்கிரமே இறந்தன. சாரிடெகிபை நீண்ட காலம் கொடுத்தாலும் ஏறக்குறைய இதே முடிவு. இன்னொரு குழு, சுருங்கும் இயல்புள்ள நார்ச்செல்களை நேரடியாகக் கொன்று பார்த்தது. அங்கும் அதே: புற்று மேலும் ஊடுருவியது, நோய் எதிர்ப்பை அடக்கும் டி செல்கள் கூடின, ஆயுள் குறைந்தது. நோயாளிகளின் கட்டிகளிலும் அந்த நார்ச்செல்கள் குறைவாக இருந்தவர்களின் நிலை மோசமாகவே இருந்தது.

சுவர் என்று நாங்கள் எண்ணியது கட்டிக்கு மட்டும் அரணாக இல்லை. உடலுக்கும் வேலியாக இருந்திருக்கிறது. காயத்தை இழுத்து மூடும் செல், அந்தக் காயத்துக்குள் இருப்பதையும் சேர்த்தே இறுக்கிப் பிடிக்கிறது. 2009-ன் எலிகள் ஏற்கெனவே முற்றிய கட்டியோடு சில நாள்களே வாழ்ந்தவை. வேலி போனதன் விலை தெரிய அந்த அவகாசம் போதவில்லை. நோயாளிகள் மாதக்கணக்கில் மருந்தை உட்கொண்டார்கள்.

இதற்கு ஓர் அடிக்குறிப்பு உண்டு. ஸ்மூத்தண்டை அடைக்கும் இன்னொரு மருந்தான விஸ்மோடெகிப், தோலில் வரும் அடித்தளச் செல் புற்றுநோய்க்கு அதே 2012-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது, இன்றும் பயன்படுகிறது. அந்தப் புற்றுநோயில் புற்றுச் செல்லே ஸ்மூத்தண்டின் இயக்கத்தை நம்பி வாழ்கிறது. அடைத்தால் அதுவே வீழ்கிறது. ஒரே பூட்டு, ஒரே சாவி. யார் வீட்டுக் கதவில் அந்தப் பூட்டு தொங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

இன்னொரு முயற்சியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். செல்களை விட்டுவிட்டு, அவை இடைவெளியில் நிரப்பும் ஹயலுரோனிக் அமிலத்தைக் கரைத்துப் பார்த்தார்கள். தண்ணீரை உறிஞ்சி உப்பும் கூழ் அது, இரத்தக் குழாய்களை வெளியிலிருந்து நசுக்குவது. எலியில் கரைத்ததும் குழாய்கள் திறந்தன. கூழ் அதிகமுள்ள நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, சுமார் 490 பேரிடம் நடத்திய பெரிய சோதனை 2019-ல் முடிந்தது. சராசரி ஆயுள் மருந்து பெற்றவர்களுக்கு 11.2 மாதம், பெறாதவர்களுக்கு 11.5 மாதம். கதவைத் திறந்துவிட்டால் மருந்து உள்ளே போகும், போனால் வேலை செய்யும் என்ற எளிய கணக்குக்கு அத்தோடு முற்றுப்புள்ளி விழுந்தது என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்கிடையே அடிப்படைக் கேள்வியே மாறிவிட்டிருந்தது. நார்ச்செல் நல்லதா கெட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தோம். 2017-ல் வந்த ஓர் ஆய்வு, நார்ச்செல் என்று ஒன்று இல்லை, குறைந்தது இரண்டு நிலைகள் உண்டு என்றது. புற்று வளையத்தை ஒட்டி, கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டு இருப்பவை சுருங்கும் வகை, நார் நெய்பவை. சற்றுத் தள்ளி இருப்பவை அழற்சி வகை. அவை ஐஎல்-6 போன்ற பொருள்களைச் சுரந்து புற்றை ஊட்டுகின்றன, எதிர்ப்புச் செல்களைக் கெடுக்கின்றன. அதைக் காட்டிய சோதனை எளிமையானது, எனக்குப் பிடித்தமானதும்கூட. விண்மீன் செல்களைப் புற்றுச் செல்களோடு ஒரே கூழில் வளர்த்தால் தொட்டு நிற்பவை சுருங்கும் வகையாயின. நடுவே துளைகளுள்ள சவ்வு வைத்து, சுரப்பு மட்டும் போய் வரும்படி பிரித்தால் அழற்சி வகையாயின. அழற்சி வகையை எடுத்துப் பிளாஸ்டிக் தட்டில் பரப்பினால் மறுபடி சுருங்கும் வகை. ஒரே செல், நிற்கும் இடத்துக்கேற்ற தொழில். என் பழைய தட்டுகள் அப்போது நினைவுக்கு வந்தன.

இரண்டாண்டு கழித்து இதன் பொறியும் தெரிந்தது. புற்றிலிருந்து வரும் ஐஎல்-1 நார்ச்செல்லை அழற்சி வகையாக்குகிறது. அருகிலேயே நிற்கும் செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டா என்ற வேறொரு பொருளும் நிறையக் கிடைக்கிறது. அது ஐஎல்-1-ன் ஏற்பியையே குறைத்து, அந்தக் குரல் காதில் விழாதபடி செய்துவிடுகிறது. இப்போது சாரிடெகிபுக்குத் திரும்பிப் பாருங்கள். முள்ளெலிக் குரலை அதிகம் கேட்பது சுருங்கும் வகைதான் என்று 2021-ல் காட்டினார்கள். அதை அடைத்த எலிகளில் சுருங்கும் வகை குறைந்து அழற்சி வகையின் பங்கு கூடியது. கொல்லும் டி செல்கள் குறைந்தன, அடக்கும் டி செல்கள் பெருகின. மருந்து குறி தவறவில்லை. குறியே தவறான பாதியாக இருந்தது.

அப்படியானால் அழற்சி வகையின் குரலை அடைத்தால் போதுமா? எலியில் அழற்சிக் குரலைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் ஜாக் என்ற பாதையை அடைத்தபோது செல்கள் சுருங்கும் வகையை நோக்கி நகர்ந்தன, கட்டியும் தணிந்தது. ஆனால் அதே பாதையை அடைக்கும் ருக்ஸோலிடினிப் என்ற மருந்தை, அழற்சி அதிகமுள்ள கணையப் புற்றுநோயாளிகளிடம் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே பெரிய அளவில் சோதித்திருந்தார்கள். 2016-ல் பலனில்லை என்று கைவிட்டார்கள். நோய் முற்றிய, முதல் சிகிச்சை தோற்ற நோயாளிகள் அவர்கள்; இந்தச் செல்களின் நிலை யாரிடமும் அளக்கப்படவும் இல்லை. ஆகவே அது யோசனையைப் பொய்யாக்கியது என்றும் சொல்ல முடியாது, காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. இந்தத் துறையில் நான் கற்றுக்கொண்ட சலிப்பூட்டும் பாடம் இதுதான்: மருந்து கொடுக்கும் முன்னும் பின்னும் ஊசியால் துணுக்கு எடுத்து, எந்த வகை கூடியது, எது குறைந்தது, டி செல் வளையத்தை நெருங்கியதா என்று பார்க்காத சோதனை தோற்றாலும் எதையும் கற்றுத் தருவதில்லை. கட்டியின் அளவு சுருங்கியதா என்ற ஸ்கேன் கணக்கும் ஏமாற்றும். நார் கரைந்தாலும் கட்டி சிறுத்துத் தெரியும். 84 பேர் கலைந்து போய், 16 பேர் 30 ஆகியிருக்கலாம்.

மாறாத மரபணு என்பதால் நார்ச்செல் மருந்துக்குத் தப்பாது என்று நம்பியதைச் சொன்னேன் அல்லவா? மரபணு மாற வேண்டிய தேவையே அதற்கு இல்லை. வேடம் மாற்றிக்கொண்டால் போதும்.

அண்மைக் காலத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது எதிர்த்திசையிலிருந்து வந்த செய்தி. கேராஸ் புரதத்தையே அடைக்கும் மருந்துகள், பல பத்தாண்டுகள் முடியாது என்று சொல்லப்பட்டவை, இப்போது வந்துவிட்டன. இவற்றில் பழுதான கேராஸை மட்டும் அடைப்பவை புற்றுச் செல்லையே தாக்குபவை, அக்கம்பக்கத்தைத் தொடாதவை. கணையத்தில் அதிகம் காணப்படும் கேராஸ் பிழையை அடைக்கும் ஒரு மருந்தை எலிக்குக் கொடுத்த ஆய்வுகள் 2023-ல் வெளிவந்தன. புற்றின் வாயை அடைத்ததும் சுற்றியிருந்த கூட்டத்தின் போக்கே மாறியது: நார்ச்செல்களின் நிலை மாறியது, கொல்லும் டி செல்கள் கட்டிக்குள் வந்தன. அந்த டி செல்களை நீக்கிவிட்டு அதே மருந்தைக் கொடுத்தபோது பலன் நீடிக்கவில்லை. புற்றை நேராகத் தாக்கும் மருந்துக்குக்கூட, வேலையைச் செய்து முடிக்க அந்த இயல்பான செல்கள் தேவைப்பட்டன. இனி இத்தகைய மருந்தோடு எதைச் சேர்க்கலாம், எந்த வரிசையில், எத்தனை வாரம் கழித்து என்பதுதான் ஆய்வுக்கூடங்களில் இப்போது நடக்கும் வாதம்.

அதோடு மெல்ல நடக்கும் இன்னொரு வேலையும் உண்டு. விழித்தெழுந்த விண்மீன் செல்லைக் கொல்லாமல் மறுபடி உறங்க வைப்பது. அது இழந்தது வைட்டமின் ஏ. அதைத் திருப்பிக் கொடுத்தால்? வைட்டமின் ஏ-யிலிருந்து பெறப்படும் ஒரு மருந்து, ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுவது, தட்டிலும் எலியிலும் இந்தச் செல்களின் பரபரப்பைத் தணித்தது. லண்டனில் வழக்கமான மருந்துகளோடு அதைச் சேர்த்து நடத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவு 2020-ல் வந்தது: நோயாளிகள் தாங்கிக்கொள்கிறார்கள். ஆயுளைக் கூட்டுகிறதா என்பது அடுத்த கட்டத்தின் கேள்வி. இதைப் படித்துவிட்டு யாரும் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கக் கிளம்ப வேண்டாம். அது வேறு பொருள், வேறு அளவு, அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும்.

ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வருவதற்கு முன், மெத்தென்ற கூழ் பூசிய தட்டில் ஒருமுறை அந்தச் செல்களை வளர்த்தேன். வார இறுதி முடிந்து வந்து, அறையை இருட்டாக்கி விளக்கைப் போட்டேன். பாதிக்கு மேற்பட்டவை மங்கலாக மின்னின. கருவியைத் தயாராக வைத்திருக்க மறந்துவிட்டேன்.